வடிகாலை அடைக்கும் மாத்திரை

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் நான் ஓர் அறிக்கையை எழுதி முடித்திருக்க வேண்டும். கணினியில் கோப்பைத் தேடப் போன இடத்தில் பழைய புகைப்படங்கள் கண்ணில் பட்டன. பெயர்கள் கன்னாபின்னாவென்று இருந்தன. ஆண்டு, மாதம், நாள், வரிசை எண் என்று ஒரே ஒழுங்கில் மாற்ற ஆரம்பித்தேன். நடுவில் ஒரு கோடு போட வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்திருந்தால் திரும்பிப் போய்த் திருத்தினேன். நிமிர்ந்து பார்த்தபோது மணி ஐந்தேகால். மதியம் சாப்பிடவில்லை. பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. தாடை வலித்தது, அத்தனை நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கவனம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடும் ஏ.டி.எச்.டி. என்ற கோளாறு இருப்பதாக எனக்குத் தெரியவந்தது முப்பத்தாறாவது வயதில். அதற்கான மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை ஆரம்பித்தார்கள். ஒரு நாளுக்கு ஒரு மாத்திரை, மெதுவாகக் கரையும் வகை. முதலில் 18 மில்லிகிராம், பிறகு 36, பிறகு 54. மேலே சொன்னது 54-க்கு ஏறிய நான்காவது நாள். ஒரு வேலையில் பத்து நிமிடம் நிற்காத ஆளுக்கு மூன்று மணி நேரம் அசையாத கவனம் வந்துவிட்டது. வந்து புகைப்படப் பெயர்களில் உட்கார்ந்துகொண்டது.

மறுமுறை போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தனை மணிக்கு மாத்திரை போட்டீங்க, எத்தனை மணிக்கு இது நடந்தது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்துகொள்ளத்தான் இந்த மருந்து மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

பலரும் நினைப்பதுபோல மெத்தில்ஃபெனிடேட், நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் டோபமின் என்ற வேதிப்பொருளைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. அது டோபமினை உண்டாக்குவதும் இல்லை. டோபமினும் நார்அட்ரினலினும் கேட்டகோலமைன் என்ற ஒரே குடும்பம். நரம்பணு இவற்றைச் சிறு சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கும். மின்துடிப்பு ஒன்று வந்து சேரும்போது சில பைகள் திறந்து, அடுத்த நரம்பணுவுக்கு முன்னால் இருக்கும் மெல்லிய இடைவெளியில் சரக்கைக் கொட்டும். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஏற்பிகளில் கொஞ்சம் ஒட்டும், செய்தி போய்ச் சேரும். அத்தோடு விட்டால் இடைவெளி நிரம்பி வழிந்துவிடும். அதனால் கொட்டிய நரம்பணுவே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வேலைக்கென்று அதன் சுவரில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன: டோபமினுக்கு ஒன்று, நார்அட்ரினலினுக்கு ஒன்று. உள்ளே எடுத்ததை மறுபடி பையில் அடைத்துவிடும். அதிகம் வீணாக்குவதில்லை.

ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய், கீழே வடிகால். குழாய் என்பது நரம்பணு துடிக்கும்போது வெளியே வருவது. வடிகால் என்பது இந்தக் கடத்திப் புரதம். மெத்தில்ஃபெனிடேட் செய்வது, வடிகாலில் போய் உட்கார்ந்துகொள்வது. புரதத்தோடு ஒட்டுகிறது, உள்ளே போவதில்லை, வழியை மறிக்கிறது. டோபமின் வடிகால், நார்அட்ரினலின் வடிகால் இரண்டையுமே மறிக்கிறது. தொட்டியில் மட்டம் ஏறுகிறது.

இதில் ஒரு சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது. எனக்குப் படிக்கும்போது சட்டென்று கண்ணில் படவில்லை. வடிகாலை அடைத்தால் எந்தத் தொட்டியில் மட்டம் ஏறும்? குழாய் ஓடுகிற தொட்டியில். குழாய் மூடியிருக்கும் தொட்டியில் வடிகாலை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் ஏற ஒன்றும் இல்லை. அதாவது இந்த மருந்து ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கும் நரம்பணுக்களின் சத்தத்தைக் கூட்டுகிறது. துடிக்காததைத் துடிக்கவைப்பதில்லை.

இதை மனிதர்களிலேயே காட்டியிருக்கிறார்கள். மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஏ.டி.எச்.டி. இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 20 மில்லிகிராம் மெத்தில்ஃபெனிடேட் கொடுத்து, மூளைக்குள் டோபமின் எவ்வளவு ஏறுகிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். ஒரு தடவை கணக்குப் போடச் சொன்னார்கள், சரியாகப் போட்டால் பணம். இன்னொரு தடவை சும்மா இயற்கைக் காட்சிப் படங்களைப் பார்க்கச் சொன்னார்கள். அதே மாத்திரை, அதே அளவு. கணக்குப் போட்டபோது டோபமின் தெளிவாக ஏறியது. படம் பார்த்தபோது அப்படி ஏறவில்லை. மாத்திரை போட்டவர்களுக்குக் கணக்கு வழக்கத்தைவிட சுவாரசியமாகவும் தெரிந்திருக்கிறது.

இதைப் படித்த அன்று என் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. காலையில் அறிக்கையைத் திறந்திருந்தால், ஏறிய மட்டம் அறிக்கையின் தொட்டியில் ஏறியிருக்கும். நான் திறந்தது புகைப்படக் கோப்புறை. பெயர் மாற்றுகிற வேலையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குட்டித் திருப்தி இருக்கிறது, குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். மருந்து அதைப் பிடித்துக்கொண்டது. எது முக்கியம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து மாத்திரை போட்டு அரை மணிக்குள் அன்றைய வேலையைத் திறந்து, முதல் வரியையாவது அடித்துவிடுகிறேன். பார்க்க அற்பமாக இருக்கும், எனக்கு மருந்தின் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது.

ஆனால் இது கதையில் ஒரு பாதிதான். கவனம் தவறான இடத்தில் போனதை இது விளக்குகிறது. பல்லைக் கடித்ததை, எழுந்திருக்கவே முடியாமல் போனதை விளக்கவில்லை. அதற்கு நெற்றிக்குப் பின்னால் போக வேண்டும்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் ஒன்றை மனதில் பிடித்துவைத்துக்கொள்வது, இதை விட்டு அதற்குப் போ என்று திருப்புவது எல்லாம் செய்கிறது. அங்கே ஒரு விநோதம். டோபமின் கடத்தி அங்கே மிகக் குறைவு. அதனால் அந்தப் பகுதியில் வெளியேறும் டோபமினையும் நார்அட்ரினலின் கடத்தியே பெரும்பாலும் கூட்டி அள்ளுகிறது. ஒரே வடிகால், இரண்டு தண்ணீர். அதை அடைத்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: குறைந்த அளவு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தால் முன்மூளையில்தான் இரண்டும் நன்றாக ஏறுகின்றன, மூளையின் வெகுமதிப் பகுதிகளில் கொஞ்சம்தான். சிகிச்சை அளவில் எடுப்பவருக்குப் போதை ஏறாமல் வேலை நடப்பதற்கு இது ஒரு காரணம்.

ஏ.டி.எச்.டி. மாத்திரைகளில் 'குறைவாகக் கொடு' என்பது பயத்தால் சொல்வதல்ல என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். குரங்குகளிலும் எலிகளிலும் நரம்பியல் ஆய்வாளர் ஏமி ஆர்ன்ஸ்டன் ஆண்டுக்கணக்கில் செய்த வேலையின் சாரம் இது. முன்மூளையில் நார்அட்ரினலின் மிதமாக இருக்கும்போது ஆல்ஃபா-2ஏ என்ற ஏற்பியில் ஒட்டுகிறது. அது நரம்பணுக்கள் சேரும் இடத்தில் இருக்கும் ஓட்டைகளை மூடுவதுபோல வேலை செய்கிறது. வரும் செய்தி ஒழுகிப் போகாமல் முழுசாகச் சேருகிறது. டோபமின் மிதமாக இருக்கும்போது டி1 என்ற ஏற்பி வழியாகத் தேவையில்லாத சலசலப்பை அடக்குகிறது. ஒன்று செய்தியை உயர்த்துகிறது, மற்றொன்று இரைச்சலைத் தாழ்த்துகிறது. இரண்டும் இன்னும் ஏறினால்? நார்அட்ரினலின், மிதமான நேரத்தில் தொடாத ஆல்ஃபா-1 ஏற்பியைத் தொட ஆரம்பிக்கிறது. டி1 அளவுக்கு மீறி அடக்குகிறது. இரைச்சலோடு சேர்ந்து செய்தியும் போகிறது. வரைபடம் போட்டால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும்: இடப்பக்கம் மாத்திரை இல்லாத நான், வலப்பக்கம் 54-ல் இருக்கும் நான், நடுவில் உச்சியில் 36 மில்லிகிராம்.

வலப்பக்கச் சரிவில் இருக்கும் ஆள் எப்படி இருப்பார்? வெளியிலிருந்து பார்த்தால் ரொம்பக் கவனமாக இருப்பதுபோலவே தெரியும். பேச்சு குறையும். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். "இதை நிறுத்திட்டு சாப்பிட வாயேன்" என்று அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாளாம், எனக்குக் காதில் விழவே இல்லை. திருப்புகிற வேலை முன்மூளையுடையது. திருப்ப முடியவில்லை என்றால் அதற்குச் சுமை கூடிவிட்டது என்றுதான் அர்த்தம். குழந்தைகளுக்கு இப்படி ஆனால் வீட்டில் "இப்பதான் ஒழுங்கா உட்கார்ந்திருக்கான்" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த அமைதியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

டாக்டர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்லி நான் ஒரு நோட்டு போட்டேன். மணி, நாடித்துடிப்பு, சாப்பிட்டேனா, மனநிலை எப்படி. 54 மில்லிகிராமில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: காலை 7:10 மாத்திரை, துடிப்பு 74. 8:30, தலை தெளிவு, அறிக்கையின் ஒரு பக்கம் முடிந்தது. 11:00, துடிப்பு 82, நன்றாக இருக்கிறது. 2:30, துடிப்பு 96, பசியே இல்லை, கை சில்லென்று இருக்கிறது, பேசப் பிடிக்கவில்லை. 5:30, அதேதான். 7:15, சாவி கிடைக்கவில்லை என்று வீட்டில் எல்லோரையும் கத்தினேன். 9:00, களைப்பு, கொலைப்பசி.

இந்த நோட்டைப் புரிந்துகொள்ள மாத்திரையின் வடிவம் தெரிய வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் உடம்பில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம்தான் தாங்கும். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று வேளை போட வேண்டியிருந்தது. பிறகு நாள் முழுக்க ஒரே மட்டத்தில் மருந்தை விடுகிற மாதிரி செய்து பார்த்தார்கள். ரத்தத்தில் மட்டம் மாறாமல் இருந்தும் மதியத்துக்குமேல் பலன் குறைந்தது. மூளை அன்றைக்குள்ளேயே கொஞ்சம் பழகிவிடுகிறது. மட்டம் ஏறியதைக் கவனிக்கும் ஏற்பிகள் கொட்டுகிற நரம்பணுவின் மேலேயே இருக்கின்றன, அவை குழாயை லேசாக மூடுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் நாள் போகப் போக மருந்தின் அளவு ஏறிக்கொண்டே வருகிற மாதிரி மாத்திரையை வடிவமைத்தார்கள். மேல்பூச்சில் 22 சதவீத மருந்து, போட்டவுடன் கரைந்துவிடும். மீதி 78 சதவீதம் உள்ளே. தண்ணீர் உறிஞ்சி உப்பும் ஓர் அடுக்கு, மருந்தை ஒரு நுண்ணிய துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். ரத்தத்தில் உச்சம் ஆறிலிருந்து பத்து மணி நேரத்துக்குள். கூடு கரையாது, மலத்தில் அப்படியே வந்துவிடும். முதல்முறை பார்த்தபோது மருந்தே இறங்கவில்லை என்று பயந்து போனேன்.

இப்போது நோட்டைப் பாருங்கள். காலை 11 மணிக்கு நான் நன்றாக இருந்தேன், அளவு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டரைக்கு உச்சத்தை நெருங்கினேன், கிண்ணத்தின் வலப்பக்கம் இறங்கிவிட்டேன். இரவு ஏழேகாலுக்கு அளவு சரிகிறது, இடப்பக்கம் விழுகிறேன். இரண்டு எரிச்சல். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், காரணம் நேரெதிர். மதிய எரிச்சலுக்கு அளவைக் குறைக்க வேண்டும். மாலை எரிச்சல் மட்டும் என்றால் அளவைக் குறைப்பது தீர்வு இல்லை. மருந்து அடங்கும் விதத்தை மாற்ற வேண்டும், சில சமயம் சாயங்காலம் ஒரு சின்ன மாத்திரை சேர்ப்பார்கள். "மருந்து போட்டதிலிருந்து எரிந்து விழுகிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் டாக்டரால் இதைப் பிரித்திருக்க முடியாது. மணி தெரிந்ததால் பிரித்தார். 36-க்கு இறக்கினார்.

ஒன்றரை மடங்கு அளவு கூட்டினால் ஒன்றரை மடங்கு பலன் கிடைக்கும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். வோல்கோவ் குழுவின் பழைய ஆய்வு ஒன்று, 1998-ல் வந்தது, இதை எண்ணிலேயே காட்டுகிறது. சாதாரண மாத்திரையில் 10 மில்லிகிராம் டோபமின் கடத்திகளில் 40 சதவீதத்தை அடைத்தது, 20 மில்லிகிராம் 54 சதவீதத்தை, 40 மில்லிகிராம் 72 சதவீதத்தை, 60 மில்லிகிராம் 74 சதவீதத்தை. நாற்பதிலிருந்து அறுபதுக்குப் போய்க் கிடைத்தது இரண்டு சதவீதம். ஆனால் இதயமும் இரைப்பையும் அந்தக் கூடுதல் இருபதை முழுசாக வாங்கிக்கொள்ளும்.

அப்புறம், இன்னொரு மருந்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆம்ஃபெட்டமின். மெத்தில்ஃபெனிடேட் ஒன்றும் செய்யாத நண்பர் ஒருவருக்கு அதுதான் கைகொடுத்தது. இரண்டையும் 'ஊக்கி மருந்து' என்று ஒரே பெயரில் சொல்கிறோம், எனக்கு அது உடன்பாடில்லை. தொட்டியில் மட்டத்தை ஏற்றுவது இரண்டுக்கும் பொது, வழி வேறு.

ஆம்ஃபெட்டமின் பார்க்க டோபமின் மாதிரியே இருக்கும் மூலக்கூறு. கடத்திப் புரதம் ஏமாந்து அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் அது சரக்குப் பைகளில் கைவைக்கிறது. பையை நிரப்பும் பம்ப் குழம்புகிறது, பைக்குள் இருக்கும் அமிலத்தன்மை கலைகிறது, அடைத்து வைத்த டோபமின் பையைவிட்டு நரம்பணுவின் உட்புறத்தில் கசிகிறது. உள்ளே சேர்ந்த சரக்கு, வந்த வழியாகவே, அதே கடத்திப் புரதம் வழியாக, தலைகீழாக வெளியே வருகிறது. வடிகால் குழாயாக மாறிவிடுகிறது. இதற்கு மின்துடிப்பு தேவையில்லை. எந்த நரம்பணு துடிக்கிறது, எது சும்மா இருக்கிறது என்ற வித்தியாசம் மங்குகிறது. துடிப்பைக் குறைக்கும் ஏற்பிகள் குழாயைத்தான் மூட முடியும். தலைகீழாக ஓடும் வடிகாலை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அளவு மீறினால் ஆம்ஃபெட்டமின் போகும் தூரம் அதிகம். இரண்டு மருந்துகளையும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றக் கூடாது என்பதும் இதனால்தான்.

நரம்பணுவுக்குள் கசியும் டோபமினை உடைக்க மோனோ அமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி காவலுக்கு நிற்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில பழைய மருந்துகள் அந்த நொதியை முடக்குபவை. காவலையும் எடுத்துவிட்டு ஆம்ஃபெட்டமினையும் கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகும். மெத்தில்ஃபெனிடேட்டுக்கும் இதே தடை உண்டு. அந்தப் பழைய மனச்சோர்வு மருந்தை நிறுத்தி 14 நாள் ஆகாமல் இரண்டில் எதையும் தொடக் கூடாது.

சரி, டோபமின் கடத்தியை அடைப்பது கொக்கெயினும்தானே? ஆமாம், மெத்தில்ஃபெனிடேட் போலவே அதுவும் அடைக்கிறது. வித்தியாசம் வேகத்தில். நரம்பில் ஏற்றிய கொக்கெயின் சில நிமிடங்களில் மூளையில் உச்சத்துக்குப் போய் சீக்கிரமே வடிகிறது. வாய்வழி போட்ட மெத்தில்ஃபெனிடேட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிறது. டோபமின் சட்டென்று குதித்தால்தான் போதை தெரியும். மெதுவாக ஏறினால் தெரியாது. அதனால்தான் மாத்திரையைப் பொடித்து மூக்கில் இழுப்பவர் எடுப்பது பெயரில் மட்டும்தான் அதே மருந்து. என் நண்பர் எடுக்கும் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் இந்த ஓட்டையையும் அடைக்கப் பார்க்கிறது. ஆம்ஃபெட்டமினோடு லைசின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அதை மெதுவாக வெட்டினால்தான் மருந்து விடுபடும். பொடித்து இழுத்தாலும் வெட்டுகிற வேகம் ஏறாது.

"துறுதுறுன்னு இருக்கிறவனுக்கு ஊக்கி மருந்தா? அடங்கினா அப்போ நோய் உறுதி" என்று ஒரு பேச்சு உண்டு. என் வீட்டிலும் சொன்னார்கள். மனநல மருத்துவர் ஜூடித் ரப்போபோர்ட் 1978-ல், எந்தப் பிரச்சினையும் இல்லாத சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் அசைவு குறைந்து, கவனம் கூடி உட்கார்ந்தார்கள். கடத்திப் புரதம் எல்லோர் மூளையிலும் இருப்பதுதான். மாத்திரை வேலை செய்தது என்பதை வைத்து யாருக்கும் ஏ.டி.எச்.டி. என்று முத்திரை குத்த முடியாது.

இப்போது 36 மில்லிகிராமில் ஒன்றரை வருடம் ஆகிறது. மதிய உணவுக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறேன், பசி வந்து கூப்பிடாது என்பதால். மாலை ஏழு மணி வாக்கில் சின்னச் சரிவு இன்னும் வருகிறது. அந்த நேரத்தில் நான் ஏதாவது கேட்டால் அக்கா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். அந்தப் புகைப்படங்கள் அப்படியே கிடக்கின்றன. 2014 ஆகஸ்ட் வரைக்கும் எல்லாம் அணிவகுத்து நிற்கும். அதற்குப் பிறகு பழையபடி கன்னாபின்னாதான்.